அட்டைப்பெட்டி குடோனில், பில் யார் மேசையில்?

சரக்கு 29-ம் தேதி வந்திறங்குகிறது. பில் அடுத்த மாதம் 6-ம் தேதிதான் கணக்கில் ஏறுகிறது. "பில் வரட்டும், அடுத்த மாசம் ஏத்திக்கலாம்" என்று மாதக் கணக்கை மூடிவிடுகிறார்கள். மிஞ்சிப்போனால், பயன்படுத்திய சரக்கின் அளவுக்கு லாபம் கூடித் தெரியும், அவ்வளவுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். குடோன் இருப்பை எண்ணி மதிப்புப் போடுகிற இடங்களில் அந்த நினைப்பு தப்பு. அங்கே வந்த சரக்கின் முழு மதிப்பும் லாபமாகிவிடும்.

கோவைப் பக்கம் மோட்டார் பம்ப் செய்யும் நடுத்தர ஆலை ஒன்றை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4,000 அட்டைப்பெட்டிக்கு, ஒன்று 38 ரூபாய் வீதம் ஆர்டர் போட்டிருக்கிறார்கள். அக்டோபர் 29 அன்று 3,850 பெட்டிகள் வந்தன. அச்சு கலங்கியும் ஈரம் பட்டும் இருந்த 120 பெட்டிகளைத் தரச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். ஏற்றுக்கொண்டது 3,730. அதில் 1,200 பெட்டி 31-ம் தேதிக்குள் பேக்கிங்கில் போய்விட்டது. மிச்சம் 2,530 குடோனில் இருக்கிறது.

ஏற்றுக்கொண்ட சரக்கின் மதிப்பு 3,730 × 38 = 1,41,740 ரூபாய். இதில் அக்டோபரின் செலவு, பயன்படுத்திய 1,200 பெட்டிக்கான 45,600 மட்டுமே. பாக்கி 96,140 இருப்பு.

பில் ஏறாமல் மாதத்தை மூடினால் என்ன ஆகும்? பயன்படுத்திய 45,600 செலவில் வரவில்லை. அது தெரிந்த பிழை. அதோடு, மாதக் கடைசியில் இருப்பு எண்ணப் போனவர் 2,530 பெட்டியையும் சேர்த்துத்தான் எண்ணுவார். அது யாருடைய பில், ஏறியதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆக, கொள்முதலில் ஒரு பைசா இல்லாத சரக்குக்கு இறுதி இருப்பில் 96,140 ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து லாபம் 1,41,740 கூடித் தெரியும். நவம்பரில் அதே அளவு அடிவாங்கும். ஒரு மாதம் நல்ல லாபம், அடுத்த மாதம் சறுக்கல் என்று மாறி மாறி வருகிற அறிக்கைகளைப் பார்த்தால் விற்பனையைத் தோண்டுவதற்கு முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்டி சட்டப்படி சரக்கு புறப்படும்போதே இன்வாய்ஸ் போட்டாக வேண்டுமே, பிறகு பில் இல்லாத சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அளவு முன்கூட்டித் தெரியாத சரக்கு, ஜாப் ஒர்க் போன்ற சிலவற்றுக்குத்தான் டெலிவரி சலான் மட்டும் போதும். மற்றபடி, நடைமுறையில் "பில் வரவில்லை" என்பதில் பெரும்பகுதி, பில் ஆலைக்குள் வந்துவிட்டது, கணக்குப் பிரிவுக்கு வரவில்லை என்பதுதான். டிரைவர் கேட்டில் கொடுத்த பில் ஸ்டோர்ஸ் கோப்பில் கிடக்கும். இல்லையென்றால் விலை வித்தியாசத்துக்கு ஒப்புதல் வாங்க பர்சேஸ் மேலாளர் மேசையில் கிடக்கும். நம் அட்டைப்பெட்டி பில் இரண்டாவது வகை: 39.50 ரூபாய் என்று போட்டு வந்திருக்கிறது.

அதனால் கணக்குப் பிரிவு தன்னிடம் உள்ள பில்களை வைத்துப் பட்டியல் போட முடியாது. தொடங்க வேண்டிய இடம் செக்யூரிட்டி வைத்திருக்கும் உள்வரவு ரெஜிஸ்டர். மாதத்தின் கடைசிப் பத்து நாள் பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும், சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு ஸ்டோர்ஸ் போடும் சீட்டான ஜிஆர்என்னின் எண் இருக்கிறதா, அந்த ஜிஆர்என்னுக்குப் பில் ஏறியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கேட்டில் பதிவாகி ஜிஆர்என் போடாத சரக்கு, ஜிஆர்என் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படவே படாது. பத்து நாளுக்கு முந்தையவற்றுக்கு ஜிஆர்என் பட்டியலே போதும். டாலியில் ரிசீட் நோட் போடும் பழக்கம் இருந்தால் `Purchase Bills Pending` அறிக்கையில் சரக்கு வந்து பில் வராதவை தனியாக நிற்கும்.

தரச் சோதனை முடியாமல் நிற்கும் சரக்கை என்ன செய்வது என்பதில் எப்போதும் இழுபறி உண்டு. வழக்கமாக ஒன்றிரண்டு சதவீதம்தான் சோதனையில் தள்ளப்படும் என்றால், சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வந்த அளவுக்கே புரொவிஷன், அதாவது பில் வரும்வரைக்கான தற்காலிகப் பதிவு, போட்டுவிடலாம். நம் கணக்கில் சோதனை முடிந்துவிட்டதால் 120-ஐ விட்டாயிற்று. அந்த 120-ஐ இருப்பு எண்ணுகிறவரும் விட்டுவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளிய பெட்டிகள் சப்ளையர் எடுத்துப்போகும்வரை குடோன் மூலையில்தான் இருக்கும்.

இனி பதிவு. அக்டோபர் 31 தேதியிட்டு ஒரு ஜர்னல்:

பேக்கிங் பொருள் கொள்முதல் — பற்று 1,41,740
பில் வராத சரக்குக்கான பொறுப்பு — வரவு 1,41,740

பயன்படுத்திய 45,600-க்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இருப்பில் 2,530 பெட்டியும் எண்ணப்பட்டிருக்கும்போது அது பாதிக் கிணறு. கொடுக்க வேண்டிய பொறுப்பு முழுத் தொகைக்கும் உண்டு. செலவையும் இருப்பையும் பிரிக்கும் வேலையை இறுதி இருப்பே செய்துகொள்ளும்.

வரவு வைக்கும் இடத்தில் சப்ளையர் லெட்ஜரைத் தொடாதீர்கள். அங்கே போட்டால் பாக்கிப் பட்டியலில் பில் எண் இல்லாத ஒரு தொகை உட்காரும், சப்ளையர் அனுப்பும் கணக்கோடு ஒத்துப்போகாது, பேமெண்ட் போடுகிறவர் அதைப் பார்த்துப் பணத்தையும் அனுப்பிவிடலாம். தற்காலிகப் பொறுப்புக்கு என்று தனி லெட்ஜர் ஒன்று போதும். ஜிஆர்என் எண், சப்ளையர் பெயர், அளவு, விலை எல்லாம் நரேஷனில் இருக்கட்டும்.

ஜிஎஸ்டியை இதில் சேர்க்கக் கூடாது. உள்ளீட்டு வரி வரவு எடுக்க இன்வாய்ஸ் கையில் இருக்க வேண்டும், சரக்கும் வந்திருக்க வேண்டும், ஜிஎஸ்டி தளத்தின் 2பி அறிக்கையிலும் தெரிய வேண்டும். புரொவிஷன் அன்று அந்த வரி நமக்குச் செலவும் இல்லை, வரவும் இல்லை. விதிவிலக்கு, வரவு எடுக்கவே முடியாத சரக்கு. ஆலைக்குள் சொந்தக் கட்டடம் கட்ட வந்த சிமெண்ட்டுக்கு வரி விலையோடு சேர்ந்த செலவுதான். அங்கே வரியையும் கூட்டிப் போட வேண்டும்.

டிடிஎஸ் அப்படி இல்லை. முந்தைய ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கு மேல் உள்ளவர், ஒரு சப்ளையரிடம் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கினால், அதைத் தாண்டும் தொகைக்கு 0.1 சதவீதம் பிடிக்க வேண்டும். 194-கியூ என்று நாம் பழகிய விதி இது. புதிய 2025 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கிறது. 'சஸ்பென்ஸ்' என்றோ வேறு எந்தப் பெயரிலோ லெட்ஜர் போட்டு வரவு வைத்தாலும் சப்ளையருக்கு வரவு வைத்ததாகவே இந்த விதி எடுத்துக்கொள்ளும். தனி லெட்ஜர் என்பதால் தப்பிக்க முடியாது. அட்டைப்பெட்டிக்காரர் 50 லட்சத்தைத் தொடமாட்டார். இரும்பு, செம்புக் கம்பி சப்ளையர்களைக் கவனியுங்கள்.

பில் ஏறும்போது அதே கொள்முதல் இரட்டிப்பாகாமல் இருக்க, நவம்பர் 1 அன்று அதே தொகைக்கு எதிர்ப்பதிவு. டாலியில் இருக்கிற `Reversing Journal` பெயரைப் பார்த்துவிட்டு அதில் போடுகிறவர்கள் நிறைய. அந்த வவுச்சர் நிஜக் கணக்கில் ஏறவே ஏறாது. சினாரியோ போட்டுப் பார்த்தால் மட்டும் தெரியும். போட்டவர் திரையில் சரியாக இருக்கும், ஆடிட்டர் எடுக்கும் டிரையல் பேலன்ஸில் இருக்காது. 31 அன்று ஒன்று, 1 அன்று ஒன்று என இரண்டு சாதாரண ஜர்னல் போடுவதே வழி.

6-ம் தேதி பில் கைக்கு வருகிறது: 3,850 × 39.50 = 1,52,075. பர்சேஸ் மேலாளர் விலை உயர்வை ஒப்புக்கொண்டுவிட்டார். தள்ளிய 120 பெட்டிக்கு 4,740 டெபிட் நோட். நிகரம் 1,47,335. நவம்பர் 1-ன் எதிர்ப்பதிவான 1,41,740-ஐக் கழித்தால் நவம்பரில் நிற்பது 5,595. பெட்டிக்கு 1.50 வீதம் 3,730 பெட்டிக்கான விலை வித்தியாசம், வேறொன்றும் இல்லை. இப்படி நிற்கும் மிச்சத்துக்குக் காரணம் சொல்ல முடிந்தால் புரொவிஷன் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். காரணம் தெரியாத மிச்சம் நின்றால் பெரும்பாலும் அளவிலோ அலகிலோ கோளாறு. ஜிஆர்என்னில் கிலோ, பில்லில் டன் என்பது இரும்பில் அடிக்கடி நடக்கும்.

அந்த 5,595-ஐக்கூடத் தவிர்த்திருக்கலாம். 31-ம் தேதியே பில் ஆலைக்குள் இருந்தது, 39.50 என்று பர்சேஸுக்குத் தெரியும். ஜிஆர்என் படிவத்தில் சப்ளையர் பில் எண், பில் விலை என்று இரண்டு கட்டம் சேர்த்தால் ஆர்டர் விலையோடு ஒப்பிட்டு அன்றே கேட்டுவிடலாம். உயர்வை ஒப்புக்கொள்ளப்போவதில்லை என்றால் 38-லேயே போடுங்கள், ஒப்புக்கொள்வார்கள் என்றால் 39.50.

எஸ்ஏபி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு திசையில் வரும். ஸ்டோர்ஸ் `MIGO`-வில் சரக்கை ஏற்றியதுமே ஆர்டர் விலையில் இருப்பு பற்று, சரக்கையும் பில்லையும் ஈடுகட்டும் ஜிஆர்/ஐஆர் கணக்கு வரவு என்று தானே பதிந்துவிடும். கைப்பதிவு தேவையில்லை. அதற்கு மேல் ஒரு ஜர்னல் போட்டால் இரட்டிப்பாகும். ஆனால் இருப்பில் ஏறாமல் ஒரு பிரிவின் செலவுக்கு, அதாவது காஸ்ட் சென்டருக்கு, நேரடியாகப் போகும் ஆர்டர்களில் மதிப்பில்லாச் சரக்கு வரவு என்று அமைத்திருந்தால் அங்கே எந்தப் பதிவும் நடக்காது. ஸ்டேஷனரி, பராமரிப்புப் பொருள்கள் எல்லாம் இந்த வழியில்தான் நழுவும். அவற்றை மட்டும் தனியே எடுத்துப் புரொவிஷன் போட வேண்டும். ஜிஆர்/ஐஆர் பாக்கிகளைக் காட்டும் `MB5S` பட்டியலில் மாதக்கணக்காக நிற்கும் வரிகளை `MR11`-ல் துடைத்துவிடத் தோன்றும். ஒரே சரக்குக்கு இரண்டு ஜிஆர்என்னா, திருப்பி அனுப்பியதற்குப் பதிவு விட்டுப்போனதா, ஆர்டரைக் குறிப்பிடாமல் பில்லை நேராகச் செலவில் ஏற்றிவிட்டார்களா என்று பார்த்த பிறகு துடையுங்கள். மூன்றாவது என்றால் ஒரே செலவு இரண்டு முறை ஏறியிருக்கும்.

விட்டுப்போனதைப் பிடிக்க, நவம்பரின் முதல் பத்து நாளில் ஏறிய பில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கேட் பதிவுத் தேதியைப் பாருங்கள். அக்டோபர் 31 அல்லது அதற்கு முன் என்றிருந்து, புரொவிஷன் பட்டியலில் இல்லையென்றால் அது நழுவியது. இருப்பு எண்ணும் அன்று மாலை கடைசி ஜிஆர்என் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் இந்தச் சோதனை அரை மணி நேர வேலை. அந்த எண்ணுக்குள் வரும் சரக்கில் பயன்படுத்தியது போக மிச்சம் இருப்பில் இருக்க வேண்டும், முழு அளவும் கொள்முதலிலோ புரொவிஷனிலோ இருக்க வேண்டும். அதைத் தாண்டிய எண் எங்கேயும் இருக்கக் கூடாது.