புரோமின் y = 0.25-இல் உட்கார்ந்திருந்தால் கவனம்

ஒற்றைப் படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் நமக்குக் கிடைப்பது ஆயிரக்கணக்கான புள்ளிகளும் அவற்றின் செறிவும்தான். செறிவிலிருந்து அலையின் வீச்சு தெரிந்துவிடும். அந்த அலை எந்தக் கட்டத்தில் வந்தது என்பது மட்டும் பதிவாகாது. அது இல்லாமல் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் போட முடியாது.

1934-இல் பேட்டர்சன் ஒரு வழி காட்டினார். வீச்சின் வர்க்கத்தை மட்டும் வைத்துக் கூட்டினால், அணுக்களின் இடங்களுக்குப் பதிலாக அணுக்களுக்கு இடையிலான வெக்டார்கள் முகடுகளாக எழும். முகட்டின் உயரம் இரு அணு எண்களின் பெருக்கத்தைப் பொறுத்தது. கார்பன்–கார்பன் என்றால் 36, புரோமின்–புரோமின் என்றால் 1225. கனமான அணு தனியாகத் தெரிவது இதனால்தான்.

P2₁/c இடக்குழுவில், அதாவது அந்தச் சமச்சீர் கொண்ட படிகத்தில், மூலக்கூறுக்கு ஒரு புரோமின், அதன் இடம் (x, y, z) என்று வைத்துக்கொள்வோம். சமச்சீரால் இணைந்த புரோமின்களுக்கு இடையிலான வெக்டார் விழும் (0, ½−2y, ½) என்ற கோட்டில் 0.30-இல் முகடு வந்தால் y = 0.10. (−2x, ½, ½−2z) தளத்தில் (0.60, 0.50, 0.20) வந்தால், 0.60-உம் −0.40-உம் ஒரே இடம் என்பதால், x = 0.20, z = 0.15. சரி, இது உண்மையா? (2x, 2y, 2z), அதாவது (0.40, 0.20, 0.30) என்ற இடத்தில், ஏறக்குறைய பாதி உயரத்தில் இன்னொரு முகடு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மேலே போகாதீர்கள்.

இடம் சரியாக இருந்தால், புரோமின் தரும் கட்டங்களை அளந்த வீச்சுகளோடு சேர்த்து வரைபடம் போட, மீதி அணுக்கள் வரத் தொடங்கும். ஆனால் கோட்டில் முகடு (0, 0, ½)-இல் வந்து, y = 0.25 ஆகிவிட்டால் சிக்கல். அப்போது புரோமின்கள் c அச்சில் பாதித் தூரத்துக்கு ஒன்றாக நிற்கும். c அச்சுக்கான குறியெண் l ஒற்றைப்படையாக உள்ள புள்ளிகளுக்கு அவற்றின் பங்கு பூஜ்யம். அந்தப் புள்ளிகளின் கட்டம் தெரியாமலே போகும். வரைபடத்தில் ஒரே புரோமினில் இரண்டு மூலக்கூறுகள், ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பமாக, தொங்கும். 0.7 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் கார்பன்கள் இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இடக்குலைவு, அதாவது மூலக்கூறு இரண்டு நிலைகளில் கலந்து கிடக்கிறது, என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம்.

நேரடி முறைக்கு மாறினாலும் இந்தச் சிக்கல் தானாகத் தீராது. எலக்ட்ரான் அடர்த்தி எதிர்மறையாகாது, அணுக்கள் தனித்தனிப் புள்ளிகள் என்ற நம்பிக்கையில், வலுவான மூன்று புள்ளிகளின் கட்டங்களை அது இணைக்கிறது. இங்கே வலுவானவை பெரும்பாலும் l இரட்டைப்படையானவை. அவற்றை மட்டும் இணைத்தால் ஒற்றைப்படைப் பக்கம் எட்டாது. (கனமான அணுவே இல்லாத கரிமச் சேர்மத்தில், 1.2 ஆங்ஸ்ட்ராம் வரை நல்ல தரவு இருந்தால், முதலில் நேரடி முறைதான் என் தேர்வு.)

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பிம்பங்களில் ஒன்றிலிருந்து மட்டும், வேதியியலுக்குப் பொருந்தும் ஒரு வளையத்தை எடுத்துச் சேருங்கள். y-இலும் ½−y-இலும் உள்ள ஜோடியிலிருந்து எப்போதும் ஒன்றுதான், கலந்துவிடக் கூடாது. ஒற்றைப்படைப் புள்ளிகளுக்கு இப்போது கட்டம் கிடைக்கும். அடுத்த வரைபடத்தில் எடுக்காத பிம்பம் மங்க வேண்டும். மங்காமல் அதே உயரத்தில் நின்றால், அப்புறம்தான் இடக்குலைவையோ வேறு இடக்குழுவையோ சந்தேகப்பட வேண்டும்.