ஸ்விங் நடை: எல்லா எய்த் நோட்டுகளையும் ஒரே அளவில் நகர்த்தாதீர்கள்

சென்னையில் கணினி வழியே இசைக்கோவை செய்யும் இளைஞர்கள் பலர், ஜாஸ் இசையின் ஸ்விங் என்றால் திஸ்ர நடைதான் என்று எண்ணி, எல்லா வாத்தியங்களின் அரை பீட் அளவுள்ள எய்த் நோட்டுகளையும் ஒரே அளவில் நகர்த்திவிடுகிறார்கள். திஸ்ரத்தில் ஊறிய நம் செவிக்கு அது இயல்பாகவே படும். ஆனால் அப்படி அமைத்த மெட்டு, துள்ளுகிற ஆறு-எட்டுப் பாட்டாக மாறிவிடுகிறது.

டெம்போ 120 உள்ள ஒரு மெட்டை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் நேரத்தை அளக்கும் சிற்றலகான டிக் ஒரு பீட்டுக்கு 480 என்றால், இரு பீட்டுகளுக்கு நடுவே வரும் ஆஃப் பீட், நகர்த்தாதபோது 240-இலும், திஸ்ரத்தின் மூன்றாம் பங்கு 320-இலும் விழும். டிரம்ஸின் ஆஃப் பீட்டை 320-இல் வையுங்கள். பியானோ மெட்டின் ஆஃப் பீட்டும் அதே இடத்தில் இருக்கட்டும். ஆனால் பீட்டின் மேல் விழும் மெட்டுச் சுரங்களை மட்டும் ஏறத்தாழ 30 டிக் பின்தள்ளுங்கள். இப்போது மெட்டின் நீண்ட சுரம் 290 டிக்காகவும் குறுகியது 190 டிக்காகவும் அமைவதால், மெட்டு தளர்ந்து நடக்கும். ஆஃப் பீட்டில் இருவரும் சேர்ந்துகொள்வதால் தாளம் சிதறாது. ஜாஸ் ஒலிப்பதிவுகளை அளந்து ஃப்ரீபெர்க், சுண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வும், தனி வாசிப்பாளர்கள் இவ்வாறே பீட்டில் பிந்தி, ஆஃப் பீட்டில் டிரம்மருடன் இணைவதைக் காட்டியது. பேஸை மட்டும் பின்தள்ள வேண்டாம். அதுவும் பிந்தினால் பாட்டே இழுபடுவதாகத் தோன்றும்.

டிரம்ஸைக் குச்சிக்குப் பதிலாகக் கம்பித் தூரிகையான பிரஷ் கொண்டு வாசிக்கும்போது இன்னும் கவனம் தேவை. இந்த டெம்போவில் இடக்கை ஸ்நேர் தோலின் மேல் வட்டமாகத் தேய்க்க, வலக்கை நான்கு பீட்டுகளையும், இரண்டு, நான்கு ஆகியவற்றுக்குப் பின்வரும் ஆஃப் பீட்டுகளையும் தட்டும். அந்த ஆஃப் பீட் தட்டல் மற்றவற்றைவிட மெலிதாக இருக்க வேண்டும். ஹை-ஹாட் காலால் இரண்டிலும் நான்கிலும் மூடப்படும். பதிவு செய்யப்பட்ட தேய்ப்பு ஒலியைப் பயன்படுத்துவோர், அதன் உரத்த இடம் ஒலி தொடங்கிச் சற்று நேரம் கழித்தே வருவதை மறந்துவிடுகிறார்கள். ஆகவே திரையில் பீட்டைக் காட்டும் கோட்டின் மேல் சரியாக வைத்த தேய்ப்பு பிந்திக் கேட்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, உரத்த இடம் பீட்டில் விழும்வரை அதை முன்னால் இழுங்கள். நேரில் வாசிக்கும் டிரம்மராயின், சொரசொரப்பான பூச்சுள்ள தோல் இல்லாமல் தேய்ப்பு ஒலி எழாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேகம் கூடும்போது இதே அளவுகள் பொருந்துவதில்லை. டெம்போ 240-இல் ஒரு பீட் 250 மில்லி வினாடிதான். அங்கும் 320-ஐப் பிடித்துக்கொண்டால் குறுகிய சுரம் 83 மில்லி வினாடியாகச் சுருங்கி நொண்டும். அதற்கு 100 மில்லி வினாடியாவது கொடுத்து, ஆஃப் பீட்டை 288 டிக்கில் வையுங்கள். அந்த வேகத்தில் பீட்டுக்கொரு முழு வட்டம் கைக்கு எட்டாது என்பதால், இடக்கைக்கு இரண்டு பீட்டுக்கு ஒரு முறை பக்கவாட்டில் செல்லும் வீச்சை எழுதுவதே ஏற்றது.