pp கண்டால் வால்யூமைக் குறைக்க வேண்டாம்

களியக்காவிளையில் பியானோ பழகத் தொடங்கியிருக்கும் வாசகி ஒருவர், இசைத்தாளைப் போனில் படமெடுத்து அனுப்பிக் கேட்டிருக்கிறார்: “ஆரம்பத்திலேயே pp என்று போட்டிருக்கிறது. சர்ச் கீபோர்டில் வால்யூமை நன்றாகக் குறைத்துத்தான் வாசித்தேன். ஆனாலும் கேட்டுப் பழகியதுபோல மென்மையாக வரவில்லையே, ஏன்?”

படத்தில் இருப்பது பீத்தோவன் 1810 வாக்கில் எழுதிய ‘ஃபூர் எலீஸ்’. முதலில் படத்தைப் பற்றி ஒன்று. வேகக் குறி மேல் வரிக்கும் மேலே இருக்கும். pp போன்ற சத்தக் குறி இரண்டு வரிகளுக்கும் நடுவில் இருக்கும். பெடல் குறி எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும். அதனால் படத்தை ஒட்ட வெட்டினால் முதலில் காணாமல் போவது வேகமும் பெடலும்தான். இவர் படத்திலும் கீழே Ped. என்ற எழுத்துகளின் தலை மட்டும் தெரிகிறது. தாளின் நான்கு ஓரமும் தெரிய எடுத்து, வாட்ஸாப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் மெல்லிய கோடுகளும் புள்ளிகளும் கலையாமல் வரும்.

மேலே ‘போகோ மோட்டோ’ என்று இருக்கிறது. கொஞ்சம் ஓட்டத்தோடு வாசி என்று பொருள். பக்கத்தில் மெட்ரோனோம் எண், அதாவது டிக் டிக் என்று வேகத்தைக் காட்டும் கருவிக்கான எண் அச்சாகியிருந்தால், அது பின்னால் பதிப்பித்தவர் சேர்த்தது. மெட்ரோனோமுக்கு மேல்ஸல் என்பவர் காப்புரிமை வாங்கியதே 1815இல்தான்.

சரி, pp-க்கு வருவோம். பியானிஸ்ஸிமோ, அதாவது மிக மெல்ல. இது கட்டை கீழே இறங்கும் வேகத்தைப் பற்றிய குறி. பியானோவின் மூடியைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். விரல் கட்டையைச் சுமார் 10 மில்லிமீட்டர் இறக்குகிறது. நெம்புகோல்கள் வழியாக அதே நேரத்தில் கம்பளிச் சுத்தியல் 45 மில்லிமீட்டர் போலப் பயணிக்கிறது. விரலைவிடச் சுத்தியல் நான்கைந்து மடங்கு வேகமாகப் போகிறது என்று அர்த்தம். இதில் அழகான இடம் எது தெரியுமா? கம்பியைத் தொட இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கட்டை சுத்தியலைக் கைவிட்டுவிடுகிறது. கேரம் ஸ்டிரைக்கர் விரலைவிட்டுப் போன பிறகு நாம் செய்ய ஒன்றுமில்லை அல்லவா, அப்படித்தான். மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே கடந்து, அடித்து, திரும்பிவிடும். விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே கம்பியின் அதிர்வை அமுக்கிவிடும். 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி இந்த விடுவிப்பைச் செய்துகாட்டினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டு கம்பியைச் சுண்டி இழுக்கும் கருவி. எப்படி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே அடித்த பிறகு கட்டையை எவ்வளவு அழுத்தினாலும், விரலை எப்படி ஆட்டினாலும் அந்தச் சுரத்தின் சத்தம் மாறாது. “அது கைராசி, பிறவியிலேயே வரணும்” என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துபவர்களை நான் ஏற்பதில்லை. சுத்தியலின் வேகம் பழகினால் வசப்படும்.

மெதுவான சுத்தியல் சத்தத்தை மட்டும் குறைப்பதில்லை. வேகமாக அடித்தால் கம்பளி நசுங்கி இறுகுகிறது, கம்பியில் மேல்ஸ்தாயி அதிர்வுகள் நிறைய எழுகின்றன, ஒலி பளிச்சென்று இருக்கிறது. மெல்ல அடித்தால் கம்பளி மெத்தென்றே இருக்கிறது, அந்த அதிர்வுகள் அடங்கி ஒலி உருண்டையாகிறது. வாசகியின் கேள்விக்குப் பதில் இதுதான். ஓங்கி அடித்துவிட்டு வால்யூமைக் குறைத்தால், அதே பளிச்சென்ற ஒலி தூரத்திலிருந்து கேட்பதுபோல வரும். அது pp ஆகாது.

கீபோர்டில் சுத்தியல் இல்லையே என்றால், அங்கே வேறு உபாயம். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடும். இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்று கருவி அளந்து, 1 முதல் 127 வரை ஒரு வேக எண்ணாக மாற்றுகிறது. நல்ல கருவி அந்த எண்ணைப் பார்த்து மெத்தென்ற பதிவையோ பளிச்சென்ற பதிவையோ எடுக்கும். ஒரே கட்டையை மெல்ல ஒருமுறை, சட்டென்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வித்தியாசமே இல்லையென்றால் Touch என்ற அமைப்பு அணைந்திருக்கலாம். அல்லது சர்ச்சில் வழக்கமாக வைக்கும் ஆர்கன் டோனிலேயே இருக்கலாம். அந்த டோனில் பெரும்பாலும் விரல் வேகத்துக்கு மதிப்பில்லை. பியானோ டோனுக்கு மாற்றி, வால்யூமை நடுவில் வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள்.

அப்புறம் ‘ஈ, டி ஷார்ப், ஈ, டி ஷார்ப், ஈ’ என்ற அந்தத் தொடக்கம். pp என்றதும் பலருக்கும் பாட்டே மெதுவாகிவிடும். கட்டை இறங்கும் வேகம் வேறு, அடுத்த கட்டைக்குப் போகும் வேகம் வேறு. முன்னது pp, பின்னது போகோ மோட்டோ. மெட்ரோனோமை ஓடவிட்டு, விரலைக் கட்டையின் மேலேயே வைத்து, உயரத் தூக்காமல் இறக்குங்கள். பியானோவில் ஒரு சுரம் ஒலிக்காமலே போனால் சுத்தியல் கம்பியை எட்டவில்லை என்று பொருள். அதைவிடக் கொஞ்சம் வேகமாக இறக்கினால் pp கிடைத்துவிடும்.