'102% கையிருப்பு' எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

மறுபடியும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்துவிட்டார். கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் பக்கத்தில் 'கையிருப்பு 102%' என்று பச்சை எழுத்தில் மின்னுகிறது. வாடிக்கையாளர்களுக்குத் தரவேண்டியதில் 102% எங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தமாம். "ஆடிட்டே முடிஞ்சிருச்சு சார், இனி பயமில்லையே?"

தணிக்கைதான் என் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்: அது ஆடிட் இல்லை, வெறும் கையிருப்புச் சான்று. கையிருப்புச் சான்று தணிக்கையாகாது என்று அமெரிக்கத் தணிக்கை மேற்பார்வை வாரியமே 2023 மார்ச்சில் எச்சரித்தது. சான்று காட்ட முயல்வது இவ்வளவுதான்: குறிப்பிட்ட ஒரு நொடியில் இந்த வாலட்டுகள் எங்கள் கையில் இருந்தன, வாடிக்கையாளர்களுக்குத் தரவேண்டிய தொகை இன்னது. உங்கள் இருப்பு அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று, எல்லாக் கணக்குகளையும் ஒரே முத்திரையில் கோக்கும் மெர்க்கிள் மரம் என்ற கணித முறையில் நீங்களே சரிபார்க்கலாம். நல்ல வசதிதான். அதைச் செய்து பார்த்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஓட்டை இருப்பது கடன் பக்கத்தில், அதாவது தரவேண்டிய தொகையில். எளிய கணக்கு ஒன்று. வாடிக்கையாளர்களுக்குத் தரவேண்டியது 1,000 காயின். எக்ஸ்சேஞ்சின் சொந்தத் துணை நிறுவனம் 400 காயினை எடுத்து விளையாடிவிட்டது. அதன் கணக்கில் மைனஸ் 400. எல்லாக் கணக்கையும் அப்படியே கூட்டினால் கடன் 600. வாலட்டில் இருப்பதும் 600. ஆக, 'கையிருப்பு 100%'! உங்கள் வரியைச் சரிபார்த்தாலும் உங்கள் இருப்பு சரியாகவே இருக்கும். மைனஸ் இருப்பது வேறொருவர் வரியில்.

இது கற்பனைக் கணக்கு. ஆனால் 2022-ல் திவாலான எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில், அதன் சகோதர நிறுவனமான அலமேடாவின் கணக்குக்கு மட்டும் இருப்பு மைனஸில் போகலாம் என்ற `allow_negative` சலுகை நிரலிலேயே இருந்தது. நீதிமன்றத்தில் எஃப்டிஎக்ஸின் இணை நிறுவனரே சாட்சி சொன்னார். அலமேடாவின் சொத்தில் கணிசமான பகுதி எஃப்டிஎக்ஸே வெளியிட்ட எஃப்டிடி டோக்கன் என்று 2022 நவம்பர் 2-ல் செய்தி வந்தது. அடுத்த சில நாட்களில் கூட்டம் பணத்தை எடுக்க முண்டியடித்தது. மூன்றே நாளில் சுமார் 600 கோடி டாலர் கேட்டார்கள். 'சொத்துகள் பத்திரமாக உள்ளன' என்று 7-ம் தேதி எஃப்டிஎக்ஸ் தலைவரின் ட்வீட். 8-ம் தேதி பணம் எடுப்பது நின்றது. 11-ம் தேதி திவால் மனு. வாடிக்கையாளர் பணத்தில் பள்ளம் சுமார் 800 கோடி டாலர்.

ஆகவே சான்றைப் பார்த்தால் சதவீதத்தை விடுங்கள். மைனஸ் கணக்குகளைப் பூஜ்ஜியமாக வைத்துக் கூட்டினார்களா? மைனஸில் இருப்பவர் வாங்கிய கடனுக்கு என்ன ஈடு? அவர்களே அச்சடித்த டோக்கன் என்றால் அது ஈடே இல்லை. எந்தத் தேதிக் கணக்கு? ஒருநாள் கைமாற்று வாங்கிக் காட்டிவிட்டு மறுநாள் திருப்பித் தரலாமே. இதற்குப் பதில் இல்லாத பக்கத்தில் பச்சை எழுத்து எதற்கு?

வியாபாரத்துக்குத் தேவையானதை மட்டும் அங்கே வையுங்கள். பணம் எடுப்பது தாமதமானால் விளக்கத்துக்குக் காத்திருக்காதீர்கள், தயவுசெய்து. எஃப்டிஎக்ஸில் மாட்டியவர்களின் பிட்காயின், மனு போட்ட நாளின் விலையில், அதாவது 17,000 டாலருக்கும் கீழே, டாலராக மதிப்பிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் பணம் வரத் தொடங்கியபோது பிட்காயின் விலை 90,000 டாலருக்கு மேல்.