மாவட்ட ஒதுக்கீடும் மலையகத்தின் டியூஷன் வகுப்புகளும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் தேறியவர்களுள் அரச பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கப்படும் இசட் புள்ளியின்படி தெரிவு செய்கிறது. வைத்தியம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் பகிரப்படுகின்றன. நுவரெலியா, பதுளை ஆகிய இரண்டும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்குகின்றன.

கொழும்பு மாணவரோடு நேரடியாகப் போட்டியிட வேண்டிய நிலையைத் தவிர்த்து, நம் மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு வழியைத் திறந்த ஏற்பாடு இது. ஆனால் இது மாவட்டத்தை மாவட்டத்தோடுதான் சமப்படுத்துகிறது. மாவட்டத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை, குறிப்பாக டியூஷன் உண்டாக்கும் ஏற்றத்தாழ்வை, அது கணக்கில் எடுப்பதில்லை.

நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன் நகரில் வசிக்கும் ஒரு மாணவியையும், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வசிக்கும் ஒரு மாணவியையும் எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒரே பாடசாலையில் உயிரியல் பிரிவில் படிக்கிறார்கள். முதலாமவர் மாலையில் இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் தனியார் வகுப்புக்குப் போகிறார். விடுமுறையில் கண்டிக்கும் போய்வருகிறார். இரண்டாமவருக்குக் கட்டணம் மட்டும் தடையல்ல. வகுப்பு முடிந்தபின் தோட்டத்துக்குத் திரும்பப் பேருந்து கிடைப்பதில்லை. முதலாமவரின் இசட் புள்ளி 1.6, இரண்டாமவரின் புள்ளி 1.3, ஒரு பாடநெறிக்கு மாவட்ட வெட்டுப்புள்ளி 1.5 என வைத்துக்கொண்டால், நுவரெலியாவின் ஒதுக்கீட்டு இடம் நகரத்து மாணவிக்கே போகும். இருவருக்கும் மாவட்டம் ஒன்றே என்பதால், தோட்டத்து மாணவியின் பின்தங்கிய நிலையை விதி காண்பதில்லை. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதமும் மாவட்டத்தையே அலகாகக் கொள்வதால், அங்கும் இதே வரிசைதான்.

இந்த இடைவெளி வகுப்பறைக்குள்ளேயே பெருகுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர்கள் போதாத மலையகத்தில், இருக்கும் ஓர் ஆசிரியர் வகுப்பின் பாதிப்பேர் அலகை ஏற்கெனவே வெளியே படித்துவிட்டதைக் கண்டதும், அடிப்படை விளக்கத்தைச் சுருக்கிக்கொண்டு கடந்தகால வினாத்தாள்களுக்குத் தாவிவிடுகிறார். டியூஷன் மாணவருக்கு அது மீட்டல். மற்றவருக்கோ அந்த அலகு யாராலும் கற்பிக்கப்படாமலே போகிறது. கேள்வி கேட்கும் குரல்கள் எப்போதும் ஒரு சிலருடையவையாகவே இருப்பதும், பரீட்சை நெருங்கும் மாதங்களில் டியூஷனுக்குப் போவோர் பாடசாலைக்கு வராமல் விடுவதும் இதன் அடையாளங்கள். தன் பாடசாலை மாணவரையே மாலையில் கட்டணத்துக்குக் கற்பிக்கும் ஆசிரியராக இருந்தால், பகல் வகுப்பை முழுமையாக நடத்துவதற்கான தூண்டுதலும் குறைகிறது. எல்லா ஆசிரியரும் அப்படியல்லர். ஆனாலும் அந்த ஏற்பாட்டிலேயே நலன் முரண்பாடு இருக்கிறது.

ஆகவே நுவரெலியாவுக்கு எத்தனை இடங்கள் கிடைத்தன என்ற எண்ணிக்கையிலிருந்து ஒதுக்கீட்டின் பயன் யாருக்குப் போனது என்பதை அறிய முடியாது. அனுமதி பெற்றவர்கள் எந்தப் பாடசாலைகளில் படித்தார்கள், அவர்களுள் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் எத்தனை பேர், பாடசாலைக்கு வெளியே எத்தனை பாடங்களுக்குக் கட்டணம் செலுத்தினார்கள் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.