பயிற்சி முடிந்ததும் எழுதும் கடிதம் யார் மேசைக்குப் போகிறது?

பாயான் லெபாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். பயிற்சி மாணவர்கள் விடைபெறும் மாதங்களில், 'இங்கேயே நிரந்தர வேலை வேண்டும்' என்று கேட்டு எனக்கு மின்னஞ்சல்கள் வரும். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: நான் கடின உழைப்பாளி, உங்கள் நிறுவனத்தில் நிறையக் கற்றேன், வாய்ப்புத் தாருங்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், வாய்ப்புத் தருவது நான் இல்லை. எங்களிடம் ஒருவரை எடுக்க வேண்டுமானால், முதலில் அந்தப் பிரிவின் மேனேஜர் ஆள் கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இது புதிய இடமா, விலகியவரின் இடமா? என்ன வேலை? ஆள் இல்லையென்றால் எது நின்றுபோகும்? இதற்கெல்லாம் பதில் எழுதி, நிதிப் பிரிவும் ஆலைத் தலைவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்னிடம் வரும். அதனால் கடிதத்தை மேனேஜருக்கு எழுதுங்கள். எனக்கு ஒரு நகல் போதும். படிவத்தின் அந்தக் கட்டங்களில் அவர் அப்படியே எடுத்து எழுதக்கூடிய வரிகள் அதில் இருக்க வேண்டும்.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 24 வாரம் பயிற்சி செய்த ஒரு தம்பி, கடைசி வாரத்தில் தன் கடிதத்தைக் காட்டினான். ஒரு பக்கம் முழுக்க நன்றி. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பி தங்கைகள் படிக்கிறார்கள் என்றும் இருந்தது. படிக்க மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதை மேனேஜர் எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

"இங்கே தினமும் என்னப்பா செய்தாய்?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்லக்கா. காலையில இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் போடுவேன்."

தோண்டிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. வந்திறங்கும் பாகங்களின் பரிசோதனை அறிக்கையை முன்பு கையால் தட்டச்சு செய்வார்களாம். 40 நிமிடம் பிடிக்கும். இவன் எக்செல்லில் ஒரு படிவம் அமைத்து அதைப் பத்து நிமிடமாக்கியிருக்கிறான். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் இரண்டரை மணி நேரம் மிச்சம். இதை விட்டுவிட்டு அப்பாவின் உடல்நிலையை எழுதியிருக்கிறான்!

மாற்றி எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் வந்தது. அதன் சாரம் இது:

"உங்கள் பிரிவில் 24 வாரப் பயிற்சியை இந்த வெள்ளிக்கிழமை முடிக்கிறேன். தரக்கட்டுப்பாட்டில் தொடக்கநிலைப் பணியிடம் இருந்தால் விண்ணப்பிக்க விரும்புகிறேன். தினசரிப் பரிசோதனை அறிக்கை இப்போது 40 நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடத்தில் முடிகிறது. அந்த எக்செல் படிவத்தை அமைத்தவன் நான். அளவீட்டுக் கருவிகளைத் தனியாகவே கையாளுகிறேன், புதிதாகப் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. இறுதித் தேர்வு முடிவு அடுத்த மாதம் வரும். படிப்பு முடிந்ததற்கான கடிதம் கிடைத்ததும் வேலையில் சேர முடியும்."

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டுமோ என்று மேனேஜர் தயங்குவார். பல்கலைக்கழகம் தரும் படிப்பு முடிப்புக் கடிதமே எங்களுக்குப் போதும். அதைச் சொல்லிவிட்டால் தயக்கம் போய்விடும். சம்பளப் பேச்சு இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

இன்னொன்று. கடைசி நாளில் மடிக்கணினியோடு நிறுவன மின்னஞ்சலும் போய்விடும். அதனால் கடிதத்தைச் சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். செய்த வேலைகளைப் பயிற்சிக் குறிப்பேட்டில் அவ்வப்போது எழுதி வைத்தால் எண்கள் கையில் இருக்கும். அதற்காக நிறுவனக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். சப்ளையர் பெயர், கழிக்கப்பட்ட பாகங்களின் கணக்கு எல்லாம் ரகசியம். ஆர்வத்தில் இப்படிச் செய்து, நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, தம்பிக்கு வேலை கிடைத்ததா? உடனே இல்லை. அடுத்த காலாண்டு வரை புதிய இடங்களுக்கு ஆள் எடுக்க அனுமதி கிடையாது. "அதுவரை இன்னும் மூன்று மாதம் பயிற்சியாகவே இரு" என்றார் மேனேஜர். கெட்ட எண்ணம் இல்லை, கையில் இருந்த வழியைச் சொன்னார். ஆனால் படிப்பு முடிந்தவன் பயிற்சி உதவித்தொகையிலேயே இருந்தால் இபிஎஃப் இல்லாமல், சேவைக் காலக் கணக்கும் ஓடாமல் மாதங்கள் போய்விடும். இதை மேனேஜரிடமே சொன்னேன். தம்பியும் இரண்டு வரியில் பதில் எழுதினான்: தொடர விருப்பம்தான், ஆனால் படிப்பு முடிந்துவிட்டதால் குறுகியகால வேலை ஒப்பந்தமாக இருந்தால் நல்லது.

ஏழு வாரம் கழித்து அந்தப் பிரிவில் ஒருவர் விலகினார். விலகியவரின் இடம் என்பதால் தடை பொருந்தவில்லை. மேனேஜர் அனுப்பிய படிவத்தில், 'ஏன் இவர்?' என்ற கட்டத்தில் அந்த 40 நிமிடமும் பத்து நிமிடமும் அப்படியே இருந்தன. ஓராண்டு ஒப்பந்தம்; இபிஎஃப், சொக்சோ உண்டு. கையெழுத்துப் போட வந்தவன், "அப்பாவைப் பத்தி ஒரு வரியாவது போட்டிருக்கலாம்க்கா" என்றான்.