லாஜிட், ப்ராபிட், இறுதிநிலை விளைவு: சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அலகு

கடன் வாங்கியவர் ஒழுங்காகக் கட்டுவாரா மாட்டாரா என்று பார்க்க ஒரு லாஜிட் மாதிரியை ஓட்டுகிறோம். ‘முன்பு தவணை தவறியவர்’ என்ற வரிக்கு நேரே 1.2 என்று ஒரு கெழு வருகிறது. உடனே அறிக்கையில் ‘இவர்கள் கடனைக் கட்டாமல் போகும் வாய்ப்பு 1.2 சதவீதம் அதிகம்’ என்று எழுதிவிடுகிறார்கள், இல்லையென்றால் ‘1.2 மடங்கு’ என்று. இரண்டுமே தப்பு. நானும் ஒரு காலத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். அந்த 1.2, சதவீதமும் இல்லை, மடங்கும் இல்லை, அது 1.2 லாஜிட். கிலோ, மீட்டர் மாதிரி லாஜிட்டும் ஒரு அளவு அலகு, அது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பிறந்தது ப்ராபிட். அமெரிக்கப் பூச்சியியலாளர் செஸ்டர் பிளிஸ் 1934-ல் உண்டாக்கிய சொல். பூச்சி மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட எத்தனை பூச்சி சாகிறது என்று வரைந்தால் கோடு நேராக வராது. தொடக்கத்தில் படுத்திருக்கும், நடுவில் விருட்டென்று ஏறும், நூறு சதவீதத்தை நெருங்கும்போது மறுபடி படுத்துவிடும். இந்த வளைவை நேர்க்கோடாக்க, இறப்பு விகிதத்தை இயல்நிலைப் பரவலின் அளவுகோலுக்கு மாற்றிக்கொண்டு, அந்த அளவுகோலின் ஒரு படிக்கு ‘ப்ராபபிலிட்டி யூனிட்’ என்று பெயர் வைத்து, அதையும் சுருக்கி ப்ராபிட் ஆக்கினார். கையால் கணக்குப் போட்ட காலம் என்பதால் கழித்தல் குறி தொல்லை தரக்கூடாது என்று எல்லா மதிப்போடும் 5 கூட்டிவிட்டார், அதனால் பாதிப் பூச்சி சாகும் இடம் 5 ப்ராபிட். இன்றைய மென்பொருள் பொதுவாக அந்த ஐந்தைக் கூட்டுவதில்லை.

லாஜிட் பத்து வருஷம் கழித்து வந்த தம்பி. மேயோ கிளினிக்கில் இருந்த ஜோசப் பெர்க்சன், இயல்நிலைப் பரவலுக்குப் பதிலாக லாஜிஸ்டிக் வளைவைப் போட்டாலே போதும், கணக்கும் சுலபம் என்று வாதாடி, 1944-ல் பிளிஸின் சொல்லைப் பார்த்தே ‘லாஜிட்’ என்று பெயரிட்டார். லாஜிஸ்டிக் என்ற பெயர் அதற்கும் நூறு வருஷம் முந்தியது, பெல்ஜியத்துக்காரர் வெர்ஹுல்ஸ்ட் மக்கள்தொகை வளர்ச்சி வளைவுக்கு வைத்தது. லாரியில் சரக்கு அனுப்பும் லாஜிஸ்டிக்ஸுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? லாஜிட் என்பது ஒன்று நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்பால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்தது. அந்த வகுத்த விகிதத்தைச் ‘சாதக விகிதம்’ என்று சொல்வது உண்டு. சீட்டாட்டத்துக்கு அது பொருந்தும், கடன் கட்டாமல் போவதில் என்ன சாதகம்? அதனால் நான் ‘நிகழ்-நிகழா விகிதம்’ என்று எழுதுகிறேன், லாஜிட்டை அதன் மடக்கை என்று ஒருமுறை விளக்கிவிட்டு அப்புறம் லாஜிட் என்றே விட்டுவிடுகிறேன். அலகுகளின் பெயரை மொழிபெயர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வோல்ட்டை யாரும் மொழிபெயர்க்கவில்லையே.

மொழிபெயர்க்க வேண்டியது மூன்றாவது சொல், லாஜிட் அலகை நமக்குப் புரியும் வாய்ப்பாக மாற்றித் தருவது. ஆங்கிலத்தில் ‘மார்ஜினல் எஃபெக்ட்’. ‘மார்ஜின்’ என்றால் ‘ஓரம்’ என்றும் பொருள் இருப்பதால் ‘விளிம்பு விளைவு’ என்று போடுகிறார்கள். படித்தால் ஏதோ ஓரத்தில் கிடக்கும் சின்ன விளைவு போல இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்களில் ‘இறுதிநிலைப் பயன்பாடு’ ஏற்கெனவே இருக்கிறது, கடைசியாகச் சேர்த்த ஓர் அலகால் கிடைக்கும் பயன் என்ற பொருளில். இலங்கையில் அதே கருத்துக்கு ‘எல்லைப் பயன்பாடு’. இந்தக் கருத்துக்கு 1884-ல் வீசர் வைத்த ஜெர்மன் சொல்லிலும் முதல் பாதிக்கு எல்லை என்றுதான் பொருள், எனவே இலங்கை வழக்கு மூலத்துக்கு நெருக்கம். நான் தமிழ்நாட்டில் படித்தவன், ‘இறுதிநிலை விளைவு’ என்றே எழுதுகிறேன். எதை எழுதினாலும் பொருள் இதுதான்: ஒரு காரணியை மட்டும் ஒரு அலகு நகர்த்தினால் வாய்ப்பு எவ்வளவு நகரும்.

இப்போது கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ‘கடனைக் கட்டவில்லை’ என்பதற்கு 90 நாளுக்கு மேல் நிலுவை என்று வைத்துக்கொள்வோம், நம் வங்கிகள் வாராக்கடன் என்று வகைப்படுத்தும் அதே அளவு. காரணிகள் இரண்டு: மாத வருமானத்தில் நூற்றுக்கு எத்தனை ரூபாய் தவணைக்குப் போகிறது (x), முன்பு தவணை தவறியதுண்டா (m: உண்டு 1, இல்லை 0). p என்பது கடனைக் கட்டாமல் போகும் வாய்ப்பு.

```
லாஜிட் = -4 + 0.05 x + 1.2 m
p = 1 / (1 + exp(-லாஜிட்))
x-இன் இறுதிநிலை விளைவு = 0.05 × p × (1 - p)
```

மூன்றாவது வரியில்தான் விஷயம். 0.05 மாறாது, ஆனால் அதைப் பெருக்கும் `p × (1 - p)` ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பள்ளி ஆசிரியர், சம்பளத்தில் 20 சதவீதம் தவணைக்குப் போகிறது, இதுவரை தவறியதில்லை. அவருக்கு லாஜிட் -3, வாய்ப்பு 4.7 சதவீதம். அவருடைய தவணைச் சுமை 20-லிருந்து 21 ஆனால் வாய்ப்பு சுமார் 0.23 சதவீதப் புள்ளி ஏறும். இன்னொருவர் ஆட்டோ ஓட்டுகிறார், 40 சதவீதம் தவணைக்குப் போகிறது, முன்பு தவறியும் இருக்கிறார். லாஜிட் -0.8, வாய்ப்பு 31 சதவீதம். அதே ஒரு படி ஏற்றம் இவருக்குச் சுமார் 1.07 புள்ளியைக் கூட்டும். கெழு ஒன்றுதான், விளைவு நாலரை மடங்குக்கு மேல் வித்தியாசம். வளைவு படுத்திருக்கும் இடத்தில் ஆசிரியர் நிற்கிறார், ஏறுகிற இடத்தில் ஆட்டோக்காரர் நிற்கிறார், அவ்வளவுதான். பிளிஸின் பூச்சிகளுக்கும் இதுவே நடந்தது.

‘சதவீதப் புள்ளி’ என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ரெப்போ வட்டி 0.25 சதவீதம் குறைப்பு என்றே நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன, அதை யாரும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. இங்கே அப்படி விட முடியாது. 4.7 சதவீத வாய்ப்பு ‘5 சதவீதம் கூடியது’ என்றால் 9.7 ஆனதா, 4.9 ஆனதா?

m விஷயத்துக்கு வருவோம். அது ஆம்-இல்லை காரணி, அதில் ‘கொஞ்சமாக நகர்த்துவது’ என்பதே கிடையாது. ஆசிரியருக்கு m 0 ஆக இருக்கும்போது 4.7, அதை 1 ஆக்கினால் லாஜிட் -1.8, வாய்ப்பு 14.2. வித்தியாசம் 9.4 புள்ளி (தசமங்களைச் சுருக்காமல் கழித்தால்). மேலே உள்ள சூத்திரத்தில் 0.05-க்குப் பதில் 1.2-ஐப் போட்டால் 5.4 புள்ளிதான் வரும், அது தவறு. மென்பொருளில் இந்தத் தவறு சத்தமில்லாமல் நடக்கும். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் இப்படி எழுத வேண்டும்:

```
logit defaulted c.x i.m
margins, dydx(*)
```

அந்த `i.` இல்லாமல் வெறும் `m` என்று போட்டால், மென்பொருள் அதைத் தொடர்ச்சியான எண்ணாக நினைத்துச் சரிவை எடுத்துக் கொடுத்துவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. கெழுக்கள் இரண்டு முறையிலும் ஒன்றாகவே இருப்பதால் கண்ணிலும் படாது. முடிவின் அடியில், அந்த வரி அடிப்படை நிலையிலிருந்து ஏற்பட்ட மாற்றம் என்று ஒரு குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழக்கம், 1.2-ஐ e-இன் அடுக்காக ஏற்றி 3.32 என்று எடுத்துக்கொண்டு ‘வாய்ப்பு 3.3 மடங்கு’ என்று எழுதுவது. 3.32 மடங்கு ஆவது நிகழ்-நிகழா விகிதம், வாய்ப்பு இல்லை. ஆசிரியருக்கு வாய்ப்பு 3 மடங்குதான் ஆனது. ஆட்டோக்காரருக்கு 11.9-லிருந்து 31, அதாவது 2.6 மடங்கு. வாய்ப்பு சிறியதாக இருக்கும்வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பெரிதாகும்போது விலகும்.

ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றால் அறிக்கையில் எந்த எண்ணைப் போடுவது? பழைய வழி, எல்லாக் காரணிகளுக்கும் சராசரி எடுத்து, அந்தச் சராசரி ஆளிடம் விளைவைக் கணக்கிடுவது. ஆசிரியர், ஆட்டோக்காரர் இருவரின் சராசரி ஆள் யார் தெரியுமா? வருமானத்தில் 30 சதவீதம் தவணை கட்டுபவர், முன்பு அரைவாசி தவணை தவறியவர். m அவருக்கு 0.5! அப்படி ஒரு ஆள் எந்தக் கிளையின் வாசலிலும் வந்து நிற்கமாட்டார். அவரிடம் விளைவு 0.57 புள்ளி. மாறாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு அப்புறம் சராசரி எடுத்தால் 0.65. மேலே உள்ள `margins` கட்டளை தருவது இந்த இரண்டாவது வகை. நானும் இதையே போடுவேன், கூடவே ஆசிரியர், ஆட்டோக்காரர் மாதிரி இரண்டு மூன்று ஆட்களின் எண்ணையும் தனியாகக் காட்டுவேன், ஏனென்றால் கடன் கொடுப்பவரால் சராசரியை வைத்து யாருக்கும் கையெழுத்துப் போட முடியாது.

ப்ராபிட்டில் எல்லாம் இப்படியே, பெருக்கும் எண் மட்டும் வேறு: `p × (1 - p)` இருந்த இடத்தில் இயல்நிலை வளைவின் அந்த இடத்து உயரம். வாய்ப்பு பாதியாக இருக்கும் இடத்தில் முதலாவது 0.25, இரண்டாவது 0.4. அதனால்தான் லாஜிட் கெழு ப்ராபிட் கெழுவைப் போல 1.6 மடங்கு இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆனால் கட்டாதவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் என்கிற இடத்தில் அந்த மடங்கு 2-ஐத் தாண்டிவிடும். ஆகவே இரண்டு மாதிரியின் கெழுக்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள், இறுதிநிலை விளைவுகளை வையுங்கள். பெரும்பாலும் ஒட்டிப்போகும்.

கடைசியாக, நான் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒன்று. கட்டாதவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான் என்பதால், ஒரு நிறுவனம் எனக்குத் தரவு தரும்போது கட்டாதவர் பாதி, கட்டியவர் பாதி என்று சமப்படுத்திக் கொடுத்தது. சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லாஜிட்டில் அப்படிச் செய்தால் மற்ற கெழுக்கள் பெரிதாகக் கெடாது, நம் சமன்பாட்டின் -4 போன்ற மாறிலி மட்டும் மாறும் என்பதால் முடிவுகள் பார்க்க அழகாகவே இருந்தன. ஆனால் இறுதிநிலை விளைவு மாறிலியையும் நம்பியிருக்கிறது. மேலே உள்ள எண்களில் பார்த்தால், கட்டியவர்-கட்டாதவர் விகிதம் உண்மையில் 19-க்கு 1, தரவில் 1-க்கு 1. எனவே மாறிலி 19-இன் மடக்கை அளவு, அதாவது 2.94, ஏறி -1.06 ஆகிவிடும். நம் ஆசிரியரின் வாய்ப்பு 4.7-லிருந்து 48.5 ஆகிவிடும், விளைவு 0.23-லிருந்து 1.25 புள்ளி ஆகிவிடும். மாறிலியிலிருந்து 2.94-ஐத் திரும்பக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் பழைய எண் வந்துவிடும். ப்ராபிட்டுக்கு இந்தச் சுலபமான கழித்தல் கிடையாது, எடையிட்டு மறுபடி ஓட்ட வேண்டியதுதான். இப்போதெல்லாம் தரவைத் திறந்ததும் முதலில் கட்டாதவர் எத்தனை சதவீதம் என்று எண்ணிப் பார்க்கிறேன். சரியாக 50 என்று வந்தால் போனை எடுக்கிறேன்.